நான்கு பைகளும் நான்கு திசைகளும்

நுழையும்முன்

இணையத்திலோ தொலைபேசியிலோ கேட்ட பொருள் வீட்டு வாயிலுக்கு வந்து சேர்வது இன்று வழக்கமாகிவிட்டது. பொருளைக் கொண்டுவருபவர் ஒருவர். அவர் பையில் எந்தெந்த வீட்டுப் பொருள்கள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்பவர் மற்றொருவர். அந்த முடிவு பிழையானால் பணியாளர் எத்துணை விரைந்தாலும் நேரத்தை மீட்க இயலாது. ஆர்டர்களை வட்டாரம் வட்டாரமாகத் தொகுக்கும் முறையையும், அதன் பின்னுள்ள கணக்கையும், அம்முறை தவறும் இடங்களையும் இப்பாடம் விளக்குகிறது.

முறைப்படி கொடுத்தாலும் முறையாகாது

மதுரை மாசி வீதி ஒன்றில் ஒரு மளிகைக் கடை இருப்பதாகக் கொள்வோம். மாலை ஐந்து மணிக்குள் பதினாறு வீடுகளிலிருந்து ஆர்டர்கள் வந்துள்ளன. அவற்றைக் கொண்டுசேர்க்க இருசக்கர வாகனத்தில் செல்லும் பணியாளர் நால்வர் இருக்கின்றனர். முதலில் வந்த ஆர்டரை முதலாமவரிடமும், அடுத்ததை இரண்டாமவரிடமும் எனக் கடைக்காரர் வரிசைப்படி கொடுக்கிறார். ஐந்தாவது ஆர்டர் மீண்டும் முதலாமவருக்குச் செல்கிறது. ஒவ்வொருவருக்கும் நான்கு ஆர்டர்கள் கிடைக்கின்றன. முன்னர்க் கேட்டவருக்கு முன்னர் என்பதால் வாடிக்கையாளருக்கும் குறையில்லை. ஆளுக்கு நான்கு என்பதால் பணியாளருக்கும் குறையில்லை. பார்வைக்கு இது நேர்மையான பங்கீடு.

ஆனால், ஆர்டர்கள் நகரின் எல்லாத் திசைகளிலிருந்தும் கலந்தே வருகின்றன. ஆகவே, ஒவ்வொருவர் பையிலும் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்றவாறு வீடுகள் சிதறிக் கிடக்கும். நால்வரும் நகர் முழுவதையும் சுற்றுவர். ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு இரண்டு பேர் வெவ்வேறு நேரத்தில் வந்து செல்வர். ஒருவர் செய்யக்கூடிய பயணத்தை நால்வர் நான்கு முறை செய்வதே இதன் விளைவு. இழப்பு எவ்வளவு என்பதை ஒரு கட்டத்தாளில் கணக்கிட்டு அறியலாம்.

கட்டத்தாளில் ஒரு நகர்

நான்கு கி.மீ. நீளமும் நான்கு கி.மீ. அகலமும் உடைய ஒரு சதுர நகரை வரைக. அதை ஒரு கி.மீ. பக்கமுள்ள பதினாறு கட்டங்களாகப் பிரிக்க. ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஆர்டர் கொடுத்த ஒரு வீடு இருக்கிறது. நகரின் நடுப்புள்ளியில் கடை இருக்கிறது. தெருக்கள் கிழக்கு மேற்காகவும் வடக்குத் தெற்காகவும் மட்டுமே செல்கின்றன. குறுக்கு வழி கிடையாது.

முதலில் சிதறிய பையைப் பார்ப்போம். முதல் பணியாளரின் பையில் திசைக்கு ஒரு வீடு உள்ளது. முதல் வீடு கடையிலிருந்து மேற்கே ஒன்றரை கி.மீ., தெற்கே அரை கி.மீ. தொலைவில் உள்ளது, அதை அடைய 2 கி.மீ. ஆகும். அங்கிருந்து வடமேற்கில் உள்ள வீட்டிற்கு 3 கி.மீ., அதிலிருந்து வடகிழக்கில் உள்ள வீட்டிற்கு 3 கி.மீ., பிறகு தென்கிழக்கில் உள்ள வீட்டிற்கு 3 கி.மீ. செல்கிறார். கடைக்குத் திரும்ப 2 கி.மீ. ஆகிறது. மொத்தம் 13 கி.மீ. மற்ற மூவருக்கும் இவ்வாறே திசைக்கு ஒன்றாக வீடுகள் அமைந்தால் அவர்களும் தலைக்கு 13 கி.மீ. செல்வர். நால்வர் பயணமும் சேர்ந்து 52 கி.மீ. ஆகும்.

இப்போது அதே பதினாறு ஆர்டர்களை வட்டாரமாகப் பிரிப்போம். கடையின் வழியாக ஒரு கிடைக்கோடும் ஒரு நிலைக்கோடும் வரைந்தால் நகர் நான்கு கால்பகுதிகளாகும். ஒவ்வொன்றிலும் நான்கு வீடுகள் இருக்கும். வடகிழக்கு வட்டாரத்தை ஏற்றவர் முதல் வீட்டை 1 கி.மீ.இல் அடைகிறார். அடுத்த மூன்று வீடுகளும் ஒன்றிலிருந்து ஒன்று 1 கி.மீ. தொலைவிலேயே உள்ளன. கடைசி வீட்டிலிருந்து கடைக்கு 2 கி.மீ. மொத்தம் 6 கி.மீ. நால்வருக்கும் சேர்த்து 24 கி.மீ.

பணியாளர் கூடவில்லை, வாகனம் மாறவில்லை, வீடுகளும் அவையே. எந்த வீடு எந்தப் பையில் என்பது மட்டுமே மாறியது. 52 கி.மீ. 24 ஆகக் குறைந்தது.

கதவருகே செல்லும் நேரம்

தொலைவு பாதிக்கும் கீழாகக் குறைந்ததால் நேரமும் பாதியாகும் என்று கருதிவிடக் கூடாது. பணியாளரின் நேரம் இரண்டு வகைப்படும். ஒன்று சாலையில் செல்லும் நேரம். மற்றொன்று வாகனத்தை நிறுத்தி, பொருளை எடுத்து, வீட்டாரை அழைத்து, பணம் பெற்றுத் திரும்பும் நேரம். வட்டாரப் பிரிப்பு முதல் வகையை மட்டுமே குறைக்கும்.

நகர நெரிசலில் சராசரி வேகம் மணிக்கு 15 கி.மீ. எனவும், ஒரு வீட்டு வாயிலில் 5 நிமிடம் ஆகிறது எனவும் கொள்வோம். 1 கி.மீ. செல்ல 4 நிமிடம் வேண்டும். சிதறிய பையைச் சுமப்பவர் கடைசி வீட்டை அடையும்வரை 11 கி.மீ. செல்கிறார். சாலையில் 44 நிமிடமும் வாயில்களில் 20 நிமிடமும் சேர்ந்து 64 நிமிடம் ஆகும். வட்டாரப் பையைச் சுமப்பவர் கடைசி வீட்டை அடையும்வரை 4 கி.மீ. மட்டுமே செல்கிறார். சாலையில் 16 நிமிடம், வாயில்களில் 20 நிமிடம், மொத்தம் 36 நிமிடம்.

ஒரு மணி நேரத்திற்குள் பொருள் வந்து சேரும் எனக் கடை வாக்களித்திருந்தால் இவ்வேறுபாடு வெறும் எண்ணாக நிற்பதில்லை. பொருள்களைக் கட்டுவதற்கு 10 நிமிடம் போக எஞ்சுவது 50 நிமிடம். வாயில்களில் ஆகும் 20 நிமிடத்தைக் குறைக்க முடியாது. சிதறிய பையுடன் செல்பவர் மீதமுள்ள 30 நிமிடத்தில் 11 கி.மீ. கடக்க வேண்டும். அதாவது, அவர் தம் சராசரி வேகத்தை மணிக்கு 15 கி.மீ.இலிருந்து 22 ஆக உயர்த்த வேண்டும். நெரிசல் மிக்க தெருவில் சராசரி வேகம் தானே உயர்வதில்லை. சிவப்பு விளக்கு மாறும் முன் பாய்வதும், ஒருவழிப் பாதையில் எதிராகச் செல்வதும், வளைவில் வேகம் குறைக்காமல் திரும்புவதுமே அதற்கு வழிகளாகிவிடும். பங்கீட்டு மேசையில் நேர்ந்த பிழையின் விலையைச் சாலையில் செல்பவர் தம் உடலால் செலுத்த நேர்கிறது. வட்டாரப் பையுடன் செல்பவருக்கோ அதே வாக்கைக் காத்த பிறகும் 14 நிமிடம் மிஞ்சுகிறது.

வர்க்கமூலம் சொல்லும் காரணம்

ஒரு நிலப்பரப்பில் சிதறியுள்ள பல இடங்களையும் ஒரே சுற்றில் பார்த்து வரும் தொலைவு, பரப்பையும் இடங்களின் எண்ணிக்கையையும் பெருக்கிக் கண்ட தொகையின் வர்க்கமூலத்தை ஒட்டி அமையும். இடங்கள் மிகப் பலவாகும்போது இவ்விதி நெருக்கமாகப் பொருந்தும் என்பதைப் பியர்ட்வுட், ஹால்டன், ஹாமர்ஸ்லி ஆகிய மூவர் 1959ஆம் ஆண்டு நிறுவினர்.

சுற்றின் தொலைவு ∝ √(பரப்பு × இடங்களின் எண்ணிக்கை)

முன்னைய நகரின் பரப்பு 16 சதுர கி.மீ.; வீடுகள் 16. இரண்டையும் பெருக்கினால் 256. அதன் வர்க்கமூலம் 16. ஒருவரே எல்லா வீடுகளுக்கும் சென்றால் ஆகும் தொலைவை இந்த 16 என்னும் அளவு குறிக்கட்டும். நால்வருக்குச் சிதறலாகக் கொடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் வீடுகள் 4 ஆகக் குறைகின்றன. ஆனால் பரப்பு 16 ஆகவே நிற்கிறது. பெருக்குத்தொகை 64, வர்க்கமூலம் 8. வேலை கால்பங்கானாலும் தொலைவு பாதியாகவே குறைந்தது. வட்டாரமாகப் பிரிக்கும்போது வீடுகளும் 4, பரப்பும் 4. பெருக்குத்தொகை 16, வர்க்கமூலம் 4. வேலை கால்பங்கானது போலவே தொலைவும் கால்பங்கானது.

இதுவே அம்முறையின் உட்பொருள். எண்ணிக்கையை மட்டும் பங்கிட்டால் போதாது. நிலத்தையும் பங்கிட வேண்டும். நால்வர் எனில் மொத்தத் தொலைவு ஏறத்தாழப் பாதியாகும். ஒன்பது பேர் எனில் மூன்றில் ஒரு பங்காகும். பணியாளர் பெருகப் பெருகச் சிதறலால் விளையும் இழப்பும் பெருகும். இரண்டே பேர் உள்ள கடையில் கண்ணில் படாத குறை, கடை வளர்ந்து பலர் சேரும்போது பெரிதாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

இவ்விதி வட்டாரத்திற்குள் நிகழும் சுற்றுக்கு மட்டுமே உரியது. கடையிலிருந்து வட்டாரத்தை அடைவதற்கும் மீள்வதற்கும் ஆகும் தொலைவு தனி. கடை நகருக்கு வெளியே தொலைவில் இருந்தால், போய்வரும் தொலைவே பயணத்தின் பெரும்பகுதியாகும். அப்போதும் வட்டாரப் பிரிப்பு பயன் தரும். ஆனால் விழுக்காட்டளவில் அப்பயன் சிறுத்துத் தோன்றும்.

> தெரிந்து தெளிவோம்
>
> இந்தியப் புள்ளியியல் அறிஞர் பி. சி. மகலனோபிஸ், வங்காளத்தில் சணல் பயிரிடப்பட்ட பரப்பை மதிப்பிடும் கள ஆய்வை நடத்தினார். தெரிவு செய்த வயல்களுக்கு இடையே ஆய்வாளர்கள் நடக்கும் தொலைவுக்கு ஆகும் செலவையும் அவர் கணக்கிட வேண்டியிருந்தது. வயல்களின் எண்ணிக்கை கூடும்போது பயணத்தொலைவு அதே அளவில் கூடாமல் வர்க்கமூலத்தை ஒட்டிக் கூடும் என்பதை 1940ஆம் ஆண்டு வெளியான தம் கட்டுரையில் அவர் காட்டினார்.

பெயர் வேறு, இடம் வேறு

கட்டத்தாளில் வட்டாரம் பிரிப்பது எளிது. உண்மையான நகரில் முகவரியைப் பார்த்தே பிரிக்க வேண்டும். அங்கேதான் முதல் தடுமாற்றம் நேர்கிறது.

மதுரையில் மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றிச் சித்திரை வீதிகள், ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள், வெளி வீதிகள் எனச் சதுரத்திற்கு வெளியே சதுரமாகத் தெருக்கள் அமைந்துள்ளன. ஒவ்வொரு சதுரத்திலும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என நான்கு வீதிகள் உண்டு. கடையில் ஆர்டர்களைப் பிரிக்கும் புதியவர் முகவரியில் ‘மாசி வீதி’ என்னும் சொல்லைக் கண்டதும் அவை எல்லாவற்றையும் ஒரே பையில் இடுவது இயல்பு. கீழமாசி வீதியும் மேலமாசி வீதியும் பெயரால் உடன்பிறப்புகள். இடத்தால் கோவிலின் எதிரெதிர்ப் பக்கங்கள். அப்பையைச் சுமப்பவர் கோவிலை முழுமையாக வலம்வர நேரும். அவருக்குப் பின்னால் ஆவணி மூல வீதிப் பையுடன் மற்றொருவரும், வெளி வீதிப் பையுடன் வேறொருவரும் அதேபோல வலம்வருவர். மூன்று வளையங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசைகளைத் தொட்டுச் செல்லும்.

இதற்கு மாறாக, கீழ ஆவணி மூல வீதி, கீழமாசி வீதி, கீழ வெளி வீதி ஆகியவற்றை ஒரு பையில் இட்டால் அது கோவிலின் கிழக்கே அமைந்த செறிவான வட்டாரமாகும். மேற்கு, வடக்கு, தெற்கு ஆகியவற்றுக்கும் அவ்வாறே. தொகுக்க வேண்டியது வீதியின் பெயரை அன்று, திசையையே. சுவரில் ஒரு வரைபடத்தை மாட்டி, ஒவ்வொரு ஆர்டரும் வந்தவுடன் அதன் இடத்தில் ஒரு ஊசியைக் குத்தும் பழக்கம் இருந்தால் இப்பிழை நேராது. பெயர் ஒற்றுமையால் மயங்கும் மனத்தைக் கண் திருத்திவிடும்.

> தெரியுமா?
>
> அஞ்சல் குறியீட்டு எண் 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆறு இலக்கங்களில் முதல் மூன்று இலக்கங்கள் அஞ்சலைப் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலை வழங்கும் அலுவலகத்தையும் குறிக்கின்றன. மதுரைக்குரிய எண்கள் 625 எனத் தொடங்கும். அலுவலகத்திற்கு வந்த அஞ்சல்கள் அஞ்சல்காரர் ஒவ்வொருவருக்கும் உரிய ‘பீட்’ என்னும் பகுதிவாரியாக மீண்டும் பிரிக்கப்படுகின்றன. அஞ்சல்காரர் புறப்படுமுன், தாம் நடக்கும் வழியின் வரிசையில் அவற்றை அடுக்கிக்கொள்கிறார்.

ஆறும் இருப்புப்பாதையும்

வரைபடத்தில் அருகருகே தோன்றும் இரண்டு ஊசிகள் சாலையில் அருகருகே இருக்க வேண்டும் என்பதில்லை. மதுரையின் நடுவே வைகை ஓடுகிறது. தென்கரையில் சிம்மக்கல், வடகரையில் செல்லூர், கோரிப்பாளையம் ஆகிய பகுதிகள் உள்ளன. கடைக்காரர் கவராயத்தை எடுத்து ஒரு வட்டம் வரைந்தால் சிம்மக்கல் வீடும் எதிர்க்கரை வீடும் ஒரே வட்டத்திற்குள் அமையலாம். ஆனால் பணியாளர் நீரைக் கடந்து நேராகச் செல்ல முடியாது. ஆல்பர்ட் விக்டர் பாலம் போன்ற ஒரு பாலத்தின் முனைவரை சென்று, பாலத்து நெரிசலில் கலந்து, மறுமுனையிலிருந்து மீண்டும் கரையோரமாக வர வேண்டும். அரை கி.மீ. எனத் தோன்றியது அதனினும் பல மடங்காகலாம். மேற்கே இருப்புப்பாதையும் இவ்வாறே நகரைப் பிரிக்கிறது. மேல வெளி வீதிக்கும் அப்பாலுள்ள எல்லீஸ் நகருக்கும் இடையே செல்லும் வாகனம் கடக்கும் இடத்தைத் தேடியே செல்ல வேண்டும்.

ஆகவே, வட்டாரத்தின் எல்லையை முதலில் ஆறும் இருப்புப்பாதையும் பெருஞ்சாலையுமே வரைய வேண்டும். ஒரு வட்டாரம் ஆற்றைத் தாண்டக் கூடாது; தாண்டியே ஆக வேண்டுமெனில் ஒரு சுற்றில் பாலத்தைப் போக ஒருமுறை, வர ஒருமுறை மட்டுமே கடக்குமாறு வீடுகளை அடுக்க வேண்டும்.

எல்லைகள் எல்லா நாளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வைகையில் வெள்ளம் பெருகும்போது தரைப்பாலங்கள் மூடப்படும். சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளில் வலம்வரும் நாளிலும், கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் வழக்கமான வழிகள் அடைபடும். அந்நாள்களில் நேற்றைய வட்டாரங்களை அப்படியே பின்பற்றுவது, மூடிய கதவை நோக்கி ஆளனுப்புவதற்கு ஒப்பாகும்.

கடிகார முள்ளின் முறை

தடைகளை அறிந்தபின் வட்டாரங்களை எவ்வாறு அமைப்பது? கில்லட், மில்லர் ஆகிய இருவர் 1974ஆம் ஆண்டு விளக்கிய எளிய முறை ஒன்று உண்டு. வரைபடத்தில் கடை உள்ள இடத்தில் ஓர் அளவுகோலின் முனையை வைக்க வேண்டும். அதைக் கடிகார முள்ளைப் போலவோ அதற்கு எதிராகவோ மெல்லச் சுழற்ற வேண்டும். அளவுகோல் தொடும் ஊசிகளை ஒவ்வொன்றாக முதல் பையில் சேர்க்க வேண்டும். பை நிறைந்ததும் அங்கே ஒரு கோடு வரைந்து, அடுத்த பையைத் தொடங்க வேண்டும். ஒரு முழுச்சுற்று முடியும்போது எல்லா ஆர்டர்களும் பைகளில் சேர்ந்துவிடும். முன்னைய கட்டத்தாள் நகரில் கிழக்கிலிருந்து தொடங்கி நான்கு வீட்டிற்கு ஒரு பை எனச் சுழற்றினால், அதே நான்கு கால்பகுதிகளே கிடைக்கும்.

இம்முறையின் வலிமை அதன் எளிமை. ஒரு பையின் வழி மற்றொரு பையின் வழியைப் பெரும்பாலும் வெட்டாது. இதன் குறை, கடை நகரின் ஓரத்தில் இருக்கும்போது வெளிப்படும். அப்போது ஒவ்வொரு பகுதியும் விசிறியின் மடிப்பைப் போல நீண்டு ஒடுங்கிவிடும். பக்கத்து மடிப்பில் இருப்பவரும் அதே நீளத்தை ஓடுவார். அந்நிலையில் அண்மையில் உள்ளவற்றை ஒரு வளையமாகவும், தொலைவில் உள்ளவற்றை மற்றொரு வளையமாகவும் முதலில் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியே அளவுகோலைச் சுழற்றுவது நன்று. வட்டாரம் நீண்ட பட்டையாக அமையாமல் சதுரத்தை ஒத்திருப்பதே நோக்கம்.

சமமான பரப்பா, சமமான உழைப்பா?

செறிவான வட்டாரம் அமைந்தபின் எழும் அடுத்த வினா சமநிலை பற்றியது. பரப்பைச் சமமாகப் பிரித்தால் நெருக்கமான பகுதிக்கு உரியவர் திணறுவார். புறநகர்க்கு உரியவர் காத்திருப்பார். ஆர்டர்களின் எண்ணிக்கையைச் சமமாக்கினாலும் முழு நேர்மை கிட்டாது. தனி வீட்டில் 5 நிமிடம் எனில், அடுக்ககத்தின் முதல் வீட்டிற்குக் காவலரிடம் பதிவு செய்து மின்தூக்கிக்குக் காத்திருக்க 8 நிமிடம் ஆகலாம். அதே கட்டடத்தின் அடுத்த வீட்டிற்கு 3 நிமிடம் போதும். எனவே ஒரே அடுக்ககத்தில் நான்கு ஆர்டர்கள் 17 நிமிடத்தில் முடியும். நான்கு தனித்தனி அடுக்ககங்களில் அவை 32 நிமிடம் ஆகும். சமமாக்க வேண்டியது நிமிடங்களையே.

நாள்தோறும் ஆர்டர்கள் ஏறியும் இறங்கியும் வரும். இன்று கிழக்கே ஏழும் தெற்கே இரண்டும் வரலாம். நிலையான எல்லையை விடாப்பிடியாகக் கொண்டால் ஒருவர் சுமை மிகும். எல்லையை நாள்தோறும் புதிதாக வரைந்தாலோ பணியாளர்கள் தங்கள் தெருக்களை அறிந்துகொள்ள முடியாது. எந்தச் சந்தில் வாகனம் நுழையும், எந்த வீட்டுக்குப் பின்வாயில் உண்டு என்னும் அறிவு பழக்கத்தால் வருவது. வாயிலில் செல்லும் நேரத்தைக் குறைப்பதும் அதுவே. இரண்டுக்கும் இடைப்பட்ட வழியொன்று உண்டு. ஒவ்வொரு வட்டாரத்தின் நடுப்பகுதியையும் ஒருவருக்கே நிலையாக உரியதாக்கி, இரு வட்டாரங்களுக்கு இடையிலுள்ள சில தெருக்களைப் பொதுவாக விட்டுவைக்கலாம். கிழக்கே சுமை மிகும் நாளில் அப்பொதுத் தெருக்கள் தெற்கு வட்டாரத்தோடு சேரும்.

மற்றொரு வினா, பை நிறையும்வரை எத்துணை நேரம் காத்திருப்பது என்பது. ஆர்டர்கள் சேரச் சேரப் பை செறிவாகும். ஆனால் முதலில் கேட்டவர் காத்திருப்பார். இதற்கான எல்லையை முன்னைய கணக்கே தருகிறது. கட்டுவதற்கு 10 நிமிடம், கடைசி வீடுவரை 36 நிமிடம் எனில், ஒரு மணி நேர வாக்கில் எஞ்சுவது 14 நிமிடம். ஆகவே ஒரு பைக்கு இரண்டு முடிவுகள் இருக்க வேண்டும்: நான்கு ஆர்டர்கள் சேர்ந்தால் புறப்பட வேண்டும், சேராவிட்டாலும் முதல் ஆர்டர் வந்து 14 நிமிடம் ஆனதும் புறப்பட வேண்டும். எது முந்துகிறதோ அதுவே ஆணை.

பிழையை அறியும் வழிகள்

வட்டாரப் பிரிப்பு சரியாக உள்ளதா என்பதை அறியப் பெரிய கருவிகள் வேண்டுவதில்லை. நால்வர் சென்ற வழிகளையும் ஒரே வரைபடத்தில் நான்கு நிறங்களில் வரைந்து பார்த்தால் போதும். கடையை விட்டு அகன்ற இடங்களில் நிறங்கள் அடிக்கடி ஒன்றையொன்று வெட்டினால் பைகள் கலந்துள்ளன என்று பொருள். இரு பணியாளர் ஒரே தெருவில் எதிர்ப்படுவதும் அதே குறையின் அடையாளம். ஒருவர் நாள்தோறும் மற்றவரைவிட மிக முன்னதாகத் திரும்பினால் வட்டாரம் செறிவாக இருந்தும் உழைப்புச் சமமாக இல்லை என்று அறியலாம்.

ஓர் ஆர்டருக்கு எத்தனை கி.மீ. ஆகிறது என்னும் கணக்கும் உதவும். கட்டத்தாள் நகரில் சிதறிய பைக்கு அது 3.25 கி.மீ.; வட்டாரப் பைக்கு 1.5 கி.மீ. ஆயினும் இவ்வெண்ணைக் கொண்டு ஒருவரைக் குறைகூறுமுன் அன்றைய ஆர்டர்களின் எண்ணிக்கையையும் நோக்க வேண்டும். வர்க்கமூல விதிப்படி, ஒரே வட்டாரத்தில் ஆர்டர்கள் கால்பங்காகக் குறைந்தால் சுற்றின் தொலைவு பாதியாகவே குறையும். அதனால் ஓர் ஆர்டருக்கான தொலைவு இரு மடங்காக உயரும். மழை நாளில் ஆர்டர் குறைந்ததற்குப் பணியாளரைச் சோம்பேறி என்பது கணக்கறியாதவர் கூற்று. ஒத்த எண்ணிக்கையுள்ள நாள்களையே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

மாலை ஐந்து மணிக்கு மளிகைக் கடையில் மீண்டும் பதினாறு ஆர்டர்கள் வந்துள்ளன. கடைக்காரர் இம்முறை வந்த வரிசையைப் பார்க்கவில்லை. சுவரிலுள்ள வரைபடத்தைப் பார்க்கிறார். கிழக்குப் பை, மேற்குப் பை, வடக்குப் பை, தெற்குப் பை என நான்கும் கட்டப்படுகின்றன. நால்வரும் நான்கு திசைகளில் பிரிகின்றனர். சிவப்பு விளக்கு எரியும் சந்திப்பில் ஒருவர் வாகனத்தை நிறுத்தி, விளக்கு மாறும்வரை காத்திருக்கிறார். காத்திருக்க அவருக்கு நேரம் இருக்கிறது.

கற்பவை கற்றபின்...

1. கட்டத்தாளில் பதினாறு வீடுகளை வரைந்து, நான்கு பைகளாக வேறு இரண்டு வகைகளில் பிரித்து, ஒவ்வொன்றின் மொத்தத் தொலைவையும் கணக்கிட்டு ஒப்பிடுக.

2. உங்கள் ஊரில் வரைபடத்தில் அருகருகே தோன்றினாலும் சாலைவழியே தொலைவாக உள்ள இரண்டு இடங்களைக் கண்டறிந்து, அவற்றைப் பிரிக்கும் தடை யாது என எழுதுக.

3. உங்கள் பகுதியில் அஞ்சல், எரிவாயு உருளை, குடிநீர்க் கேன் ஆகியவற்றுள் ஒன்றை வழங்கும் பணியாளரைச் சந்தித்து, அவர் தம் சுற்றை எவ்வரிசையில் அமைத்துக்கொள்கிறார் எனக் கேட்டறிந்து வகுப்பில் பகிர்க.